கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சேலைக் குஞ்சம் கட்டும் தொழில்: தொடங்குவது எப்படி?

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் பெண்ணுக்கு நாலு பேர் நாலு தொழில் சொல்வார்கள். கேக் செய், பொடி அரைத்து விற்று விடு, ஆன்லைனில் டியூஷன் எடு, பிளவுஸ் தை. எல்லாம் நல்ல தொழில்கள்தான். ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது வேறு: குழந்தை அழும் அந்த நொடியில் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனால் என்ன ஆகும்? அடுப்பில் இருக்கும் மிளகாய் தீய்ந்துவிடும். ஓவனில் இருக்கும் கேக் வீணாகும். டியூஷன் என்றால் அந்தப் பக்கம் ஒரு பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிளவுஸ் கெட்டுப் போகாது, ஆனால் கை வளைவு எங்கே விட்டது, எவ்வளவு பிடித்தோம் என்று மறுபடி கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் போய்விடும்.

சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவதில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு சேலையில் நாற்பது, நாற்பத்தைந்து குஞ்சங்கள் வரும். ஒவ்வொன்றும் தனித்தனி வேலை, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டாவது குஞ்சத்தோடு எழுந்து போய், நாளை மறுநாள் வந்து பதின்மூன்றாவதைக் கட்டலாம். எங்கே விட்டோம் என்று சேலையே காட்டும். தையல் மெஷினும் வேண்டாம், சத்தமும் இல்லை, தூங்கும் பிள்ளை விழிக்காது. அதனால்தான் இதை முதல் தொழிலாகச் சொல்கிறேன்.

என்னென்ன வாங்க வேண்டும்

முதல் சேலைக்குக் கொஞ்சம் சாமான் போதும். பட்டுநூல் வளையல் செய்யப் பயன்படும் சில்க் த்ரெட் உருளைகள், ஒரு ஜரிகை நூல், மெல்லிய ஊசி, கூரான சின்னக் கத்தரிக்கோல், இன்ச் டேப், துணி ஒட்டும் பசை, ஒரு சீப்பு, கொஞ்சம் கனமான அட்டை. பீட்ஸ் முதல் சில சேலைகளுக்கு வேண்டாம். அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

நூலைக் கடையில் குவியலாக வாங்கி வைக்காதீர்கள். சேலை கைக்கு வந்த பிறகு, அதன் உடல் நிறம் ஒன்று, கரை நிறம் ஒன்று என்று பார்த்து வாங்கினால் போதும். நிறம் பார்ப்பதைப் பகல் வெளிச்சத்தில், வாசல் பக்கம் வைத்துச் செய்யுங்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் அரக்கும் மெரூனும் வெயிலில் வேறு வேறாகத் தெரியும்.

வாங்கியதும் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து, விரலால் அழுத்திச் சற்று நேரம் விடுங்கள். துணியில் நிறம் இறங்கினால் அந்த உருளையை எந்தச் சேலைக்கும் பயன்படுத்தக் கூடாது. சிவப்பு, கரும்பச்சை, கருநீலம் மூன்றிலும் இதை விடாமல் செய்ய வேண்டும். பட்டுச் சேலையை டிரை வாஷ் கொடுப்பார்கள், ஆனால் காட்டன் சேலை வீட்டுத் தண்ணீரில்தான் துவைபடும். முந்தானையில் சாயம் ஒட்டினால் சேலைக்காரருக்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு குஞ்சம் எப்படிக் கட்டுவது

பழைய காட்டன் துணியில் ஒரு முழ நீளக் கிழிசலை எடுத்து, ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டு அதில் பழகுங்கள். இரண்டரை இன்ச் உயரம் உள்ள அட்டையில் சில்க் த்ரெட்டை இருபத்தைந்து சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டினால் ஐந்து இன்ச் நீளத்தில் இருபத்தைந்து இழை கிடைக்கும். இது ஒரு கட்டு.

அடுத்து, ஊசியில் சேலை நிற நூலைக் கோத்து, மடித்துத் தைத்த ஓரத்துக்குள் குத்தி எடுத்து, ஒரு பட்டாணி நுழையும் அளவுக்குச் சின்ன வளையம் விடுங்கள். வலுவுக்காக இரண்டு முறை சுற்றி முடிச்சுப் போடுங்கள். இந்த நூல் கட்டை அந்த வளையத்துக்குள் பாதிவரை இழுத்து, நடுவில் மடித்துக் கீழே தொங்க விடுங்கள். மடிப்புக்குச் சற்றுக் கீழே, குஞ்சத்தின் கழுத்தில், ஜரிகை நூலை ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். சில்க் த்ரெட் வழுக்கும் நூல், ஒற்றை முடிச்சு நிற்காது. இரட்டை முடிச்சுப் போட்டு, ஊசி முனையில் துளி பசை தொட்டு முடிச்சின் மேல் மட்டும் வையுங்கள். பசை பட்டில் பட்டால் கறை போகவே போகாது.

வளையம் விடாமல் நூல் கட்டையே நேரடியாகத் துணிக்குள் இழுக்கும் முறையும் உண்டு. அதற்குத் தடித்த ஊசி வேண்டும், பட்டில் ஓட்டை விழும். சேலை நம்முடையது இல்லை என்பதால் வளையம் விடும் முறையையே சொல்கிறேன். எந்த முறையானாலும் ஒற்றைத் துணியில் குத்தக் கூடாது. ஓரம் மடித்துத் தைத்திருக்க வேண்டும். மெஷின் இல்லையென்றால், முந்தானை ஓரத்தை பிக்கோ அடித்துக் கொடுக்கும்படி டெய்லரிடமே சொல்லிவிடுங்கள்.

கைத்தறிச் சேலைகள் சிலவற்றில் முந்தானை முனையில் தறி நூலே நீளமாகத் தொங்கும். அதையே பிரித்து முடிச்சுப் போட்டுத் தரச் சொல்வார்கள். நூல் செலவு கிடையாது, ஆனால் அந்த இழைகளை ஒருமுறை வெட்டிவிட்டால் திரும்ப வராது. வெட்டட்டுமா, முடிச்சுப் போடட்டுமா என்று கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

நல்ல குஞ்சமா என்று பார்க்க ஒரே வழி, சீப்பால் நான்கு முறை வாரிவிட்டு லேசாக இழுப்பது. இழை கையோடு வந்தால் கழுத்துச் சுற்று தளர்வு. கழுத்து சரியாக இருந்து முந்தானை ஓரம் சுருங்கினால் வளையத்தை அதிகமாக இழுத்திருக்கிறீர்கள். இருபது குஞ்சமும் ஒரே மாதிரி வரும்வரை கிழிசலிலேயே கட்டுங்கள். பிறகு உங்கள் சேலை ஒன்றில் முழுதாகக் கட்டி, உடுத்தி, ஒருமுறை துவைத்தும் பாருங்கள். டெய்லர் கடைக்குக் காட்டப் போகிற மாதிரியும் அதுதான்.

வேலையைக் குழந்தையின் நேரத்துக்குப் பிரிப்பது

குஞ்சம் கட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பிள்ளையை வைத்துக்கொண்டு அதைச் சொன்ன தேதியில் முடிப்பதற்குத்தான் தனிக் கணக்கு வேண்டும். வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, பிள்ளை விழித்திருந்து பக்கத்தில் விளையாடும்போது செய்யக்கூடியது. அட்டையில் நூல் சுற்றுவது இந்த வகை. ஊசி இல்லை, சேலையும் வெளியே இல்லை. பிள்ளை வந்து உருளையைப் பிடுங்கினாலும் நூல் சிக்கும், அவ்வளவுதான். சுற்றிய அட்டைகளை அப்படியே வைத்துவிடுங்கள், வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வகை, பிள்ளை தூங்கும்போது மட்டும் செய்ய வேண்டியது. ஊசியும் கத்தரிக்கோலும் எடுக்கிற எல்லா வேலையும் இதில் வரும். பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறது, என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். தவழும் பிள்ளை தரையில் கிடக்கும் எதையும் வாயில் போடும். ஊசிகளை எண்ணிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஊசி என்றால் எடுக்கும்போதும் மூன்று, வைக்கும்போதும் மூன்று. சிவப்பு நூல் கோத்தே வைத்தால் கீழே விழுந்தாலும் கண்ணில் படும். ஒரு சின்னக் காந்தத்தில் ஒட்டி, மூடி போட்ட டப்பாவில், பரண் உயரத்தில் வைத்துவிடுங்கள். பீட்ஸை முதலில் வேண்டாம் என்றதும் இதனால்தான். சிதறினால் எல்லாவற்றையும் பொறுக்கினோமா என்று நமக்கே தெரியாது, அது தொண்டையில் அடைக்கும் சாமான். பிள்ளைக்கு மூன்று வயது தாண்டும்வரை பீட்ஸ் இல்லாத குஞ்சங்களை மட்டும் எடுத்தாலே வேலை வந்துகொண்டுதான் இருக்கும்.

மூன்றாவது வகை, யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்போது பகலில் செய்வது. நிறம் பார்ப்பது, இடைவெளி குறிப்பது. இவற்றுக்குக் கண்ணும் மனசும் இரண்டும் வேண்டும். பாதி ராத்திரித் தூக்கக் கலக்கத்தில் குறித்த இடைவெளி கடைசியில் ஒரு இன்ச் மிஞ்சி நிற்கும்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு கூடை வைத்துக்கொள்ளுங்கள். சேலையை விரித்துப் போடவே வேண்டாம். முந்தானை முனை ஒரு சாண் மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, மீதியைப் பழைய வேட்டித் துணியில் சுருட்டித் தலையணை உறைக்குள் நுழைத்துவிடுங்கள். பால் சிந்தினாலும் எண்ணெய்க் கை பட்டாலும் உறைதான் கெடும். ஒரு குஞ்சத்தை முடித்த பிறகே எழுந்திருப்பது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, ஊசியைத் துணியில் குத்தி வைக்காமல் டப்பாவில் போட்டுவிட்டுப் போனால் போதும்.

ஒரு சேலையின் கணக்கு

முந்தானை அகலம் 46 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து அரை இன்ச் விட்டு முதல் குறி, அதன்பின் ஒவ்வொரு இன்ச்சுக்கும் ஒரு குறி. கடைசிக் குறிக்குப் பின்னும் அரை இன்ச் மிஞ்சும், மொத்தம் 46 குஞ்சம். அகலம் முழு எண்ணாக இல்லாமல் 45 முக்கால் என்று வந்தால், அந்தக் குறைவை எல்லா இடைவெளியிலும் துளித்துளியாகப் பங்கிடுங்கள். கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அங்கே மட்டும் நெருக்கமாகத் தெரியும்.

புதிதாகக் கட்டுபவருக்கு ஒரு கட்டு சுற்ற ஒரு நிமிடம், ஆக 46 நிமிடம். வளையம் விட்டுக் கட்ட, குஞ்சத்துக்கு 3 நிமிடம் வீதம் 138 நிமிடம். குறிக்க 15, வாரி வெட்ட 20. கூட்டினால் 219 நிமிடம், அதாவது மூன்று மணி நாற்பது நிமிடம். இதில் ஊசியும் கத்தரிக்கோலும் எடுக்கும் நேரம் 158 நிமிடம்.

இப்போது உங்கள் நேரத்தைப் பாருங்கள். ஒரு வாரம், பிள்ளை தூங்கி நீங்களும் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்த நேரத்தை மட்டும் காலண்டரில் எழுதுங்கள். சமையலும் துணியும் போக ஒரு நாளைக்குச் சராசரி 25 நிமிடம் கிடைத்தால் 158 நிமிடத்துக்கு ஏழு நாள் ஆகும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட காய்ச்சல், சளி, ஊரிலிருந்து விருந்தாளி எல்லாம் வரும். அதனால் ஏழு நாளை இரண்டால் பெருக்கி, இரண்டு வாரம் என்று சொல்லுங்கள். பத்து நாளில் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு அதே பத்து நாளில் கொடுத்தால் கோபப்படுவார்கள்.

ரேட் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பகுதியில் மூன்று டெய்லர் கடைகளில் விசாரித்து நடுவில் உள்ளதைப் பிடியுங்கள். எடுத்துக்காட்டுக்கு, டெய்லர் பங்கு போக ஒரு சேலைக்கு உங்கள் கைக்கு 350 ரூபாய், நூலும் ஜரிகையும் 60 என்றால் மிச்சம் 290. மணிக்கு 80 ரூபாய் அளவில் வருகிறது. கை பழகி ஒரு குஞ்சம் இரண்டு நிமிடத்துக்கு வந்துவிட்டால் மொத்த வேலையும் மூன்று மணி நேரத்துக்குள் முடியும், அதே 290 மணிக்கு 100 ரூபாயாகும். ஆனால் தொடக்கத்தில் தினம் 25 நிமிடத்தில் மாதம் நாலைந்து சேலைதான் முடியும், 1,200 ரூபாயை ஒட்டித்தான் வரும். மாதம் பத்தாயிரம் என்று சொல்லி வகுப்புக்கு ஆள் சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கைக் காட்ட மாட்டார்கள். பிள்ளை அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போகும்வரை இது கைப்பழக்கத்தையும் வாடிக்கையையும் சேர்க்கும் காலம் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வேலை எங்கிருந்து வரும்

முதலில் நேரடி வாடிக்கையாளரைத் தேடாமல், பக்கத்தில் உள்ள இரண்டு டெய்லர் கடைகளைப் பிடியுங்கள். அவர்கள் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள், அது உண்மை. ஆனால் சேலைக்காரர் நாள் முழுக்கப் போன் செய்ய மாட்டார், நிறம் மாற்றச் சொல்லி வீட்டுக்கு வந்து நிற்க மாட்டார். உங்களிடம் இருக்கிற 25 நிமிடமும் கட்டுவதற்கே போகும். நேரடி ஆர்டர் எடுத்தால் அந்த 25 நிமிடத்தில் பாதி பேச்சிலேயே போய்விடும். மாதிரிச் சேலையைக் காட்டும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: இரண்டு வாரத்துக்குக் குறைந்த அவசர வேலை வேண்டாம், முடித்த சேலையை நீங்கள் கொடுக்கும்போதே கூலி வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்பதற்குச் சம்மதித்தால் பாக்கி நிற்கும், அதைக் கேட்கப் போக உங்களுக்கு நேரம் இருக்காது.

அக்கம்பக்கத்தில் தானாக வரும் ஆர்டரை விட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் ரேட், எத்தனை நாள், முன்பணம் எவ்வளவு என்பதை ஒரே செய்தியாக எழுதி விரைவுப் பதிலாகச் சேமித்து வையுங்கள். இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் ஒரு தட்டில் போய்விடும். நூல் செலவுக்காவது முன்பணம் வாங்கிய பிறகே நூல் வாங்குங்கள்.

சேலை கைக்கு வந்ததும், கொண்டு வந்தவர் முன்னாலேயே முந்தானையை விரித்து ஒரு போட்டோ எடுங்கள். கறை, இழுபட்ட இழை, கிழிசல் இருந்தால் அதை நெருக்கமாக இன்னொன்று. சில சேலைகளில் முந்தானைக்கு அப்பால் பிளவுஸ் துணி ஒட்டியே இருக்கும். அதை வெட்டுவது டெய்லர் வேலை, நீங்கள் கை வைக்காதீர்கள். வெட்டிய பிறகே வாங்குங்கள். ஒரு நோட்டில் தேதி, நிறம், குஞ்ச எண்ணிக்கை, பேசிய கூலி நான்கையும் எழுதிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சேலை பிரித்து வைக்க வேண்டாம். ஒன்று கூடையில், மற்றது பீரோவில்.

ஆர்டர் வருடம் முழுக்க ஒரே சீராக வராது. ஆடியில் கல்யாணம் இருக்காது என்பதால் வேலையும் இருக்காது என்று தோன்றும். ஆனால் ஆடித் தள்ளுபடியில் எடுத்த சேலைகள்தான் ஆவணி முகூர்த்தத்துக்குக் குஞ்சம் கட்ட வரும். டெய்லரிடம் ஆடி பிறந்ததுமே சொல்லி வைத்தால் அவசரம் இல்லாத சேலைகள் உங்களுக்கு வந்து சேரும். மார்கழியும் அப்படித்தான், தை முகூர்த்தச் சேலைகளை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். ஆவணி பிறந்த பிறகு வருவதெல்லாம் நாலு நாள் அவசர வேலை, அது நமக்கு ஆகாது.

பிள்ளைக்கு உடம்பு முடியாமல் ஒரு வாரம் மொத்தமாகப் போனால் என்ன செய்வது என்பதற்கும் முன்பே ஏற்பாடு வேண்டும். இதே வேலை தெரிந்த இன்னொருவரோடு பழகி வையுங்கள். கொடுப்பதானால் தொடாத சேலையை முழுதாகக் கொடுங்கள். பாதி கட்டியதைக் கொடுத்தால் இரண்டு கையின் இறுக்கம் வேறு வேறாகத் தெரியும், முப்பதாவது குஞ்சத்திலிருந்து கழுத்து தடித்தோ மெலிந்தோ நிற்கும். பாதியில் நிற்கும் சேலைக்கு, நாள் தள்ளும் என்று டெய்லரிடம் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. கல்யாணத்துக்கு முதல் நாள் சொன்னால் அடுத்த சேலை வராது.

கொடுக்கும் முன்

எல்லாக் குஞ்சமும் கட்டியானதும் வாரிவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு இன்ச் அகலக் காகிதத் துண்டால் கழுத்திலிருந்து சுற்றிப் பிடித்து, காகிதம் முடியும் இடத்தில் வெட்டுங்கள். காகிதம் இல்லாமல் கண் அளவில் வெட்டினால் ஒன்று நீளும், அதைச் சரிசெய்ய அடுத்ததை வெட்டுவோம், கடைசியில் எல்லாமே ஒன்றரை இன்ச்சுக்கு வந்து நிற்கும். பிறகு முந்தானையை இரண்டு கையால் தூக்கிப் பிடித்து, ஓரம் நேராக விழுகிறதா, ஊசி எங்காவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவில் மூன்று ஊசி இருக்கிறதா என்று எண்ணிய பிறகே சேலையை மடியுங்கள்.

பத்து சேலை இப்படிப் போய், ஒன்றும் திரும்பி வராமல் இருந்தால் ரேட்டை ஐம்பது ரூபாய் ஏற்றிக் கேட்கலாம். கிரோஷா ஊசியில் பின்னும் கல்யாணக் குஞ்சங்களுக்குக் கூலி பல மடங்கு. ஆனால் அதில் ஒரு வரிசையின் நடுவே எழுந்தால் கண்ணி எண்ணிக்கை தப்பும், பீட்ஸும் சேரும். பிள்ளை பள்ளிக்குப் போய், இரண்டு மணி நேரம் ஒரேயடியாக உட்கார முடிகிறபோது அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.